மாரிசாமியின் கரண்ட் பில்

வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்காக முகவரிச் சான்றுகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் மைசூர் அலுவலகம் ஒன்றில்தான் அனுப்ரியாவின் பிழைப்பு ஓடியது. போன வாரம் தேதியை மாற்றி ஒட்டிய வாடகை ஒப்பந்தம் ஒன்றைக் கவனிக்காமல் விட்டு, மேலாளர் ரவிக்குமாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இன்னொன்று தப்பினால் வேலை போய்விடும். அந்தப் பயத்தில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

இப்போது திரையில் ஒரு கரண்ட் பில்லின் போட்டோ. மண்டி மொஹல்லா முகவரி, பெயர் மாரிசாமி, சேரப்போவது கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. பில்லை யாரோ நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்திருக்கிறார்கள். மடிப்புக் கோடு எல்லா வரிகளையும் கீறிக்கொண்டு வந்து, பெயரை மட்டும் தொடாமல் மரியாதையாக ஒதுங்கியிருந்தது. மற்ற எழுத்துகள் வெளிறிக் கிடக்க, பெயர் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. பணம் கட்டும் செயலியில் பில்லின் கணக்கு எண்ணைப் போட்டாள். கௌரம்மா என்று வந்தது.

விதிப்படி அவனிடமே விளக்கம் கேட்க வேண்டும். பேச்சு பதிவாகும். போன் போட்டாள்.

"பில்லுல இருக்கிறது உங்க பேருதானா?"

"இல்லீங்க மேடம், ஓனரம்மா பேருலதான் வரும். உங்க பேரு இல்லேன்னா எடுக்க மாட்டாங்கன்னு கம்ப்யூட்டர் கடைக்காரரு மாத்திக் குடுத்தாருங்க. தப்புங்களா?"

இப்படியா வெள்ளந்தியாகச் சொல்வான் ஒருத்தன்! வீட்டுக்காரர் பெயரில் பில் இருப்பது குற்றமே இல்லை. கூடவே அவர் கையெழுத்திட்ட கடிதம் இருந்தால் போதும். மாற்றியதுதான் மோசடி.

"ஓனர் லெட்டர் வெச்சிருந்தாலே போதும்ங்க..."

"அவ்வளவுதானுங்களா? இப்பவே வாங்கி அனுப்பறேன். பழைய வேலைய விட்டுட்டு நிக்கறேன் மேடம்."

அவள் ரவிக்குமாரிடம் ஓடினாள்.

"சார், அவரே ஒத்துக்கிட்டாரு. மாத்தினது கடைக்காரரு."

"அனுப்பினது யாரும்மா? திருத்தப்பட்டதுன்னு போடு. குறிப்பு ஏதாச்சும் இருந்தா எழுது."

குறிப்பில் எழுதலாம்தான். தானாகவே உண்மையைச் சொன்னான், வீடு நிஜம், கடிதம் வருகிறது என்று மூன்று வரி. அதைப் படித்துவிட்டு நிறுவனம் மனம் இரங்கவும் கூடும். ஆனால் தானும் தமிழ் என்பதால் தமிழ்க்காரனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால்? போன வாரத்துத் திட்டு இன்னும் காதில் இருந்தது. திருத்தப்பட்டது என்று போட்டு, குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பிவிட்டாள். கோப்பு மூடிக்கொண்டது. இனி அதில் ஒரு எழுத்துகூடச் சேர்க்க முடியாது.

அரை மணி நேரத்தில் கடிதமும் அசல் பில்லும் வந்து சேர்ந்தன. கையெழுத்து, தேதி, கதவு எண் எல்லாம் அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தன. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பின்னாலேயே போனும் அடித்தது.

"வந்துருச்சுங்களா மேடம்? நீங்க மட்டும் கூப்பிட்டுச் சொல்லலேன்னா என் வேலை போயிருக்குமுங்க. திங்கக்கிழமை சேந்துக்கலாமுங்களா?"