இருபது பக்கமும் புரட்டாசி வாரமும்

காவியா போட்டிருந்த படிப்பு அட்டவணையைப் பார்த்தால் கலெக்டர் ஆபீஸே எழுந்து நின்று வணக்கம் வைக்கும். முப்பத்தாறு புத்தகங்கள், முக்கியமானது மேலே, போனால் போகட்டும் என்பது கீழே. ஒரு நாளைக்கு இருபது பக்கம், ஞாயிறு ஓய்வு. பன்னிரண்டு வாரம் படித்தால் பதின்மூன்றாவது வாரத்தில் புதுப் பக்கமே கிடையாது, விட்டுப்போனதை மட்டும் படித்து முடிக்கணும்; அதற்குப் பேர் பாக்கி வாரம். ஜனவரியில் அரசுத் தேர்வு. தேறாவிட்டால் கல்யாணம் என்று அப்பா உச்சிமாகாளி சொல்லியிருந்தார். ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையின் மீசையைப் பற்றித்தான் ஊரே பேசிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் கடைசி வாரம், முதல் பாக்கி வாரம். விட்டுப்போனது நூற்று அறுபது பக்கம். ஒரு நாளைக்கு இருபத்துமூன்று வீதம் ஏழே நாளில் தீர்த்துவிடலாம் என்று கோவில்பட்டி நூலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்ட வேளையில் போன் அடித்தது.

"ஏட்டி, நாளைக்கு டிராக்டர் வருது. உளுந்து விதைக்கணும். வந்து சேரு."

"ப்பா, இந்த வாரம் மட்டும்..."

"மழை உன் அட்டவணையப் பாத்துட்டா வரும்? மண்ணு காயுறதுக்குள்ள போடணும்."

பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த தோழி முத்துசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வெள்ளாம பண்ணுற சம்சாரி வீட்டுப் பிள்ள, விதைக்கிற புரட்டாசியில போய் பாக்கி வாரம் வச்சிருக்கியே!"

ஏழு நாளும் காவியா கரிசல் மண்ணில் விதைகலப்பைக்குப் பின்னால் நின்றாள். விதைத்த ஒவ்வொரு விதையும் ஒரு பக்கமாகத் தெரிந்தது. உளுந்து லட்சம் பக்கம் இருக்கும். திங்கட்கிழமை நூலகத்துக்கு ஓடி வந்தாள்.

"இனிமே ஒரு நாளைக்கு இருபதோட பாக்கியில மூணும் சேத்து இருபத்துமூணு படிச்சிருதேன்."

முத்துசெல்வி நோட்டை இழுத்தாள். "இருபதுன்னு எழுதி வச்சு எழுபத்திரண்டு நாள்ல நீ படிச்சது சராசரி பதினெட்டுகூட இல்ல. இருபத்துமூணு எங்கன இருந்து வரும்?"

"டிசம்பர்ல இன்னொரு பாக்கி வாரம் இருக்கே."

"அது இனிமே விழப்போற பாக்கிக்கு. தாயி, கடைசிப் புத்தகத்தப் பாரு."

முப்பத்தாறாவது, புவியியல். குறித்து வைத்தது சரியாக நூற்று அறுபது பக்கம்; அதை விட்டுவிட்டால் பாக்கிக்கு இடம் கிடைக்கும். காவியா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அதுலயிருந்தே கேள்வி வந்துட்டா?"

"வரும். ஒண்ணு ரெண்டு வரும். முதல்ல இருக்கிற தமிழும் கணக்கும் அரைகுறையா நின்னா எத்தன கேள்வி போகும்?"

காவியா பேனாவை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். மீசை ஒன்று கண் முன்னால் வந்து போனது. புவியியல் மேல் கோடு இழுத்தாள். காகிதம் கிழிந்தே போனது.

அப்படியே அன்றைய இருபதில் முதல் பக்கத்தைத் திறந்துவிட்டாள்.