நோயின் பெயரை எழுதாதே

மருத்துவக் கல்லூரியின் இரண்டாவது இன்டர்னல் தேர்விலும் ஜோதிகா இரத்தவியலில்தான் தோற்றாள். நாற்பதுக்குப் பதினொன்று. இரத்தசோகையின் வகைகளை நான்கு நிறப் பேனாவில் அட்டவணை போட்டு, பஸ்ஸிலும் கேன்டீனிலும் முணுமுணுத்து மனப்பாடம் செய்திருந்தாள். வாய்மொழித் தேர்வான வைவாவில் பேராசிரியர் குமாரசாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இரும்பு குறைஞ்சா சிவப்பணு ஏனுங்க சின்னதாகுது?"

சின்ன செல் வருகிற நோய்களை அவள் வரிசையாக ஒப்பித்தாள்.

"பட்டியல் கேக்கலீங்க. ஏன்னு கேட்டேன்."

அவள் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பல்கலைக்கழகத் தேர்வின் கடைசிப் பகுதியான நோயியல் பிராக்டிகலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் இறுதியாண்டு படிக்கும் அனுசுயா அவளை நூலக வாசலில் பிடித்து, ஒட்டிய உறை ஒன்றைக் கையில் கொடுத்தாள். அனுசுயாவின் அப்பா அவிநாசி ரோட்டில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறார். "ஊட்டுக்குப் போய்ப் படி கண்ணு. பஸ்ல படிக்காதே," என்று மட்டும் சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டாள்.

ஜோதிகா பஸ்ஸிலேயே பிரித்தாள்.

"ஜோதிகா, இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அதையும் நீ கலர் கலராகக் கோடு போட்டு மனப்பாடம் பண்ணிவிடுவாய் என்று பயந்துதான் கையால் எழுதுகிறேன். நானும் இதே பேப்பரில் ஒரு தடவை ஃபெயில் ஆனவள்தான்.

முதலில் அந்த அட்டவணையை மூடி வை. எங்கள் கம்பெனியில் பீஸ் குறைந்தால் அப்பா மூன்று கேள்விதான் கேட்பார். தைக்கவே இல்லையா? தைத்தது கிழிந்து வீணானதா? தைத்ததை யாராவது வெளியே கொண்டுபோகிறார்களா? இரத்தம் குறைந்தாலும் இவ்வளவுதான். உருவாகவில்லை, உடைகிறது, வெளியே போகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் செல்தான் ரெட்டிகுலோசைட். அது ஏறியிருந்தால் மஜ்ஜை உழைக்கிறது, செல்தான் நிற்கவில்லை. இரத்தம் குறைந்தும் அது ஏறவில்லையென்றால் மஜ்ஜைக்கு என்னவோ கிடைக்கவில்லை, அல்லது மஜ்ஜைக்கே ஏதோ ஆகியிருக்கிறது.

அடுத்தது அளவு. வளர்கிற சிவப்பணு தனக்குள் ஹீமோகுளோபின் போதுமான அளவு நிறையும்வரை பிரிந்துகொண்டே இருக்கும். இரும்பு இல்லாவிட்டால் அது நிறைவதற்குத் தாமதமாகும். அதற்குள் கூடுதலாகப் பிரிந்துவிடும். அதனால் சின்னது. பி12 இல்லாவிட்டால் டிஎன்ஏ தயாராகத் தாமதமாகும். பிரிய முடியாமல் செல்லின் உடல் மட்டும் பருத்துவிடும். அதனால் பெரியது. இது புரிந்தால் பாதி அட்டவணையை வெறும் தாளில் நீயே எழுதலாம். எழுதிவிட்டுப் புத்தகத்தோடு ஒத்துப் பார். தப்பான இடத்தை மட்டும் படி. மறுநாள் திரும்பவும் வெறும் தாளில் எழுது. நார்மல் அளவுகள், சாயங்களின் பெயர் இதையெல்லாம் மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கடைசியாக ஒன்று. யாருடையதாவது நிஜமான ரிப்போர்ட் ஒன்றை எடு. நோயின் பெயரை எழுதாதே. உள்ளே என்ன நடந்திருக்கும் என்று மட்டும் எழுது. ஒரு பதில் வந்ததும் இன்னொரு தடவை 'ஏன்' கேள். இரும்பு குறைவு என்று வந்தால் அங்கே நின்றுவிடாதே. உடம்புக்கு இரும்பை வெளியே தள்ளத் தனி வழி கிடையாது. இருப்பு தீர்ந்திருந்தால் எப்படித் தீர்ந்தது என்று கேள். அனுசுயா."

பதினைந்து வேலம்பாளையம் என்ற தன் ஊர் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது அவளுக்கு நினைவுக்கு வந்த ஒரே நிஜ ரிப்போர்ட் அப்பாவுடையது. அப்பா பாண்டித்துரை பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாகத் துணி அடுக்கின் முன்னால் நின்றே வேலை பார்ப்பவர். போன மாதம் கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் போட்டபோது இரத்தம் எடுத்து, சோகை இருக்கிறது என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அன்றைக்கே அவர் அந்தத் தாளை மகளிடம் நீட்டினார். அவளும் ஒரு பார்வை பார்த்து, "இரும்புச்சத்து கம்மிப்பா. மாத்திரையை விடாமப் போடுங்க," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

டிவி ஸ்டாண்டுக்குக் கீழிருந்து தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹீமோகுளோபின் 8.4. செல்லின் சராசரி அளவு 66. குறைந்தது எண்பது இருக்க வேண்டும். செல்களின் அளவு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இரத்தம் உறைய உதவும் தட்டணு கொஞ்சம் ஏறியிருந்தது. ரெட்டிகுலோசைட் பார்க்கவே இல்லை.

நோயின் பெயரை எழுதாமல் எழுதினாள். சின்ன செல். ஹீமோகுளோபின் நிறையவில்லை. சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் குறைவு, அளவும் தாறுமாறு; பிறவியிலேயே வருகிற சின்ன செல் மாதிரி தெரியவில்லை. இரும்பாகத்தான் இருக்கும். தட்டணு ஏறியதும் அதற்குப் பொருந்துகிறது.

ஏன்?

சாப்பாடு என்று எழுதப்போனாள். பேனா நின்றது. வாரத்தில் மூன்று நாள் வீட்டில் மீன். கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வளர்ந்த ஆண்பிள்ளையின் உடம்பில் இருப்பு இருக்கும். சாப்பாடு குறைந்தால்கூட அது தீர வருடக்கணக்காகும். மாதவிலக்கு இல்லை, பிரசவம் இல்லை. அப்படியானால் அவருடைய இரத்தம் எங்கேயோ கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகிறது. போய்ப் போய் இரும்பு தீர்ந்து, இப்போது புதிதாக உருவாகவும் வழியில்லை.

ஐம்பத்து நான்கு வயது. வயிறா, குடலா? இதே வயதையும் இதே இரத்தசோகையையும் சேர்த்து வகுப்பில் சொன்ன இன்னொரு நோயின் பெயர் தானாக மனதில் வந்தது. அதை எழுதக் கூடாது என்று அனுசுயா சொல்லாவிட்டாலும் அவளால் எழுதியிருக்க முடியாது.

ஏழு மணிக்கு அப்பா வந்தார். ஒரு மாடிதான். ஏறி வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இத்தனை நாள் அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்பா, வெளிக்குப் போறது என்ன கலர்ல போகுது?"

"ஏட்டி, சோத்து நேரத்துல கேக்குற கேள்வியா இது?" என்றாள் அடுப்படியிலிருந்து அம்மா சின்னத்தாய்.

அப்பா சிரித்தார். "கருப்பாத்தாம்மா போகுது. அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும்னு கேம்ப்ல சொன்னாவளே."

இரும்பு மாத்திரைக்குக் கருப்பாகத்தான் போகும். அது உண்மைதான். ஒரு நிமிடம் அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தாலும் கருப்பாகத்தான் போகும்; இன்னொரு தடவை கேட்டாள்.

"மாத்திரை ஆரம்பிக்கதுக்கு முன்னால?"

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "முன்னாலயும் அப்படித்தான். தாரு கணக்கா. ரெண்டு மூணு மாசமா விட்டு விட்டுப் போகுது."

"வேற என்ன மாத்திரை போடுதீங்க?"

"முட்டி வலிக்குத்தான். முக்கு மெடிக்கல்ல வாங்குவேன். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அது இல்லாம எப்படிம்மா பத்து மணி நேரம் நிக்கது?"

"எத்தனை நாளா?"

"ஒரு வருசம் இருக்கும்."

ஜோதிகா வராந்தாவுக்குப் போய் அனுசுயாவுக்கு போன் போட்டாள். அழக்கூடாது என்று நினைத்தும் குரல் உடைந்தது. அனுசுயா முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"சரியா தப்பான்னு நாம ரெண்டு பேரும் போன்ல முடிவு பண்ண வேண்டாம் கண்ணு. வலி மாத்திரையை இப்பவே நிறுத்தச் சொல்லு. காலைல நம்ம காலேஜ் ஆஸ்பத்திரி ஓபிக்குக் கூட்டிட்டு வா, நான் வாசல்ல நிக்கறேன். நடுவுல இரத்த வாந்தி எடுத்தாலோ மயக்கம் வந்தாலோ காலையாகட்டும்னு இருக்காதே, 108-ஐக் கூப்புடு."

காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பி நின்றார். "வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட் போயிரட்டும்மா. மறுநாள் வாரேன்."

"நானும் அன்னைக்கு ரிப்போர்ட்டைப் பாத்துட்டு மாத்திரை போடுங்கன்னு சொன்னேம்பா. தப்பாச் சொல்லிட்டேன்," என்றாள் ஜோதிகா. "இன்னைக்கு வாங்க."

மகள் தன் தப்பை ஒத்துக்கொண்டு அவர் கேட்டதே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தார்.

ஓபியில் டாக்டர் நாடியைப் பிடித்தார், நூற்றுப் பன்னிரண்டு. ஹீமோகுளோபின் 7.1 ஆக இறங்கியிருந்தது. அன்றைக்கே வார்டில் சேர்த்து, இரத்தம் ஏற்றி, மறுநாள் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். இரைப்பையில் பெரிய புண். ஓரத்திலிருந்து சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள்.

"வலி மாத்திரைப் புண்ணாத்தான் தெரியுது," என்றார் டாக்டர். "இரைப்பைப் புண்ணைக் கண்ணால பார்த்து முடிவு சொல்ல முடியாதுங்க. பயாப்சி வரட்டும்."

பயாப்சி போனது அவள் பிராக்டிகல் எழுதப்போகும் அதே துறைக்கு. வராந்தாவில் அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் துணிந்து குமாரசாமி சாரிடம் கேட்டே விட்டாள்.

"ஸ்லைடு இன்னும் என் மேஜைக்கு வரலீங்க. வந்தாலும் உங்க அப்பாவைப் பார்க்கற டாக்டருக்குத்தான் சொல்லுவேன்," என்றார் அவர். கதவைத் திறந்துவிட்டு, "போய்ப் படிங்க," என்றார்.

அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து வெறும் தாளில் எழுதிப் பார்த்தாள். சில பக்கங்கள் கடிதத்தில் சொன்னபடி தானாக வந்தன. சில பக்கங்களில் பாதியில் நின்று, ஊசி ஏறியிருந்த அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரத்தம் உறையும் பாடத்தை மூன்று தடவை எழுதியும் பிழை வந்தது. நான்காம் தடவை அப்பாவே, "நீ வாய்விட்டுச் சொல்லு, நான் கேக்கேன்," என்றார். சுவரில் ஓட்டை விழுந்தால் முதலில் தட்டணு அடைக்கும், பிறகு நார் வலை பின்னும் என்று ஆரம்பித்தாள். "அப்ப மொதல்ல கைவேலை, அப்புறம் மிசின்," என்றார் அவர். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார்.

பிராக்டிகல் அன்று வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் அவளுக்கு ஒரு ஸ்லைடு வைத்தார். பெரிய, முட்டை வடிவச் சிவப்பணுக்கள். வெள்ளணு ஒன்றின் கரு ஆறு துண்டாகப் பிரிந்திருந்தது.

"என்ன நோய்?"

"இவங்க உடம்புல டிஎன்ஏ தயாராகறது தாமதமாகுது சார்," என்று தொடங்கினாள். செல் ஏன் பெரிதானது, பி12-ஆ ஃபோலேட்டா என்று ஸ்லைடை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாதது ஏன், நோயாளிக்குக் கால் மரத்துப்போகிறதா என்று ஏன் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நோயின் பெயரைக் கடைசியில்தான் சொன்னாள். எக்ஸாமினர் தலையாட்டிவிட்டு, ரெட்டிகுலோசைட்டுக்கு என்ன சாயம் என்று கேட்டார். லீஷ்மன் என்றாள். தப்பு. சொன்ன மறுநொடியே தப்பென்று தெரிந்தும் சரியானது நாவில் வரவில்லை. குமாரசாமி சார் மதிப்பெண் தாளில் எழுதினார்.

மத்தியானம் வார்டுக்கு ஓடினாள். அனுசுயா டாக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"புற்று இல்லைங்க," என்றார் டாக்டர் அப்பாவைப் பார்த்து. "கிருமித் தொற்றும் இருக்குது. அதுக்குப் பதினாலு நாள் மாத்திரை. வலி மாத்திரையை இனித் தொடவே கூடாது. எட்டு வாரம் கழிச்சுத் திரும்பக் குழாய் விட்டுப் பார்க்கணும். புண் முழுசா ஆறினாத்தான் நாங்க நிம்மதியா இருக்க முடியும்."

சின்னத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா, "அப்ப முட்டிக்கு?" என்று கேட்டார்.

ஜோதிகா சுவரோடு சாய்ந்து நின்றாள். எட்டு வாரம் என்றது மட்டும்தான் காதில் நின்றது. அனுசுயா அவள் தோளைத் தொட்டாள்.

"எப்படி எழுதினே?"

"சாயம் தப்பாச் சொல்லிட்டேன்க்கா."

"நியூ மெத்திலீன் ப்ளூ."

"தெரியும்க்கா. இப்பத்தான் ஞாபகம் வருது."

ஐந்து வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. நோயியலில் பாஸ் மார்க்குக்கு நான்கு கூடுதல். அப்பாவின் ஹீமோகுளோபின் பத்தரைக்கு வந்திருந்தது. கம்பெனியில் கேட்டு உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார். பாதி நேரம் அதில் உட்கார மறந்துவிடுகிறார் என்று உடன் வேலை பார்க்கும் முனீஸ் போனில் சொன்னார். இரண்டாவது எண்டோஸ்கோப்பிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அப்பா மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டால் ஜோதிகா புத்தகத்தை மூடிவிட்டு, எந்தப் படியில் நிற்கிறார் என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.