ஐம்பது சதுரம் அதிகம்

துணை முதல்வர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு கப்சிப் ஆனது. கையில் எப்போதும் கடிகாரத்தோடு திரிவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஸ்டாப் வாட்ச்.

"மூணு நாளா கிராஃப் தாள்ல கட்டம் எண்ணிட்டு இருக்கீங்களாம். ஏ பிரிவுல அஞ்சு ஃபார்முலா முடிஞ்சாச்சு. இன்னைக்குப் பீரியட்ல ஒரு முடிவு தெரியலைன்னா இந்த வகுப்பையும் அந்த சார்கிட்டயே கொடுத்துடுவேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். கணக்கு டீச்சர் வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம்தான் ஆகியிருந்தது.

வரைய வேண்டியது y = x². பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. இரண்டு அச்சிலும் ஒரு சென்டிமீட்டர் ஓர் அலகு. வளைவுக்குக் கீழே எத்தனை சின்னச் சதுரம் என்று எண்ண வேண்டும். வளைவு வெட்டும் சதுரத்தில் பாதியோ அதற்கு மேலோ உள்ளே இருந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடலாம். நூறு சதுரம் சேர்ந்தால் ஒரு சதுர அலகு.

"எவ்வளவு வந்துச்சு?" என்றார் டீச்சர்.

"எண்ணூத்தித் தொண்ணூத்தெட்டு, மிஸ்!"

"எனக்குத் தொள்ளாயிரத்து மூணு."

"எண்ணூத்தித் தொண்ணூத்தொன்பது. கண்ணு போச்சு மிஸ், கண்ணாடிக்கு யார் பொறுப்பு?"

சிரிப்பு அடங்கும்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல். "எனக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது."

அவள் பட்டப்பெயர் ஸ்கேல். இதயம் வரையச் சொன்னாலும் ஸ்கேல் வைத்து வரைகிறவள்.

"ஐம்பது எக்ஸ்ட்ரா! பக்கத்து வீட்டுச் சதுரத்தையும் சேர்த்துட்டியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பின்னாலிருந்து ஸ்டாப் வாட்ச் செருமினார். "ஆளுக்கு ஒரு விடை. இதுக்குப் பேர்தான் கணக்கா?"

ஸ்கேல் எழுந்து நின்றுவிட்டாள். "சார், நான் தப்பா எண்ணல. எண்ணவே இல்ல. ஒவ்வொரு அலகுக்கும் ஒரு புள்ளி வச்சு நேர்க்கோட்டுல சேர்த்தேன். முதல்ல முக்கோணம், அம்பது. அடுத்து ரெண்டும் சரிவகம். இருநூத்தம்பது, அறுநூத்தம்பது. கூட்டிப் பாருங்க."

டீச்சர் கூட்டினார். தொள்ளாயிரத்து ஐம்பது. ஒரு சதுரம்கூடப் பிசகவில்லை.

"அப்போ அந்த ஐம்பது எங்கிருந்து வந்துச்சு?" டீச்சர் கேட்டது அவளை மட்டுமல்ல, எல்லோரையும்தான்.

ஸ்கேல் பக்கத்துப் பெண்ணின் தாளைப் பிடுங்கி, அவள் கையால் வரைந்திருந்த வளைவின் மேல் ஸ்கேலை வைத்தாள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வளைவு தொய்ந்து கிடந்தது. ஸ்கேலின் விளிம்பு அதற்கு மேலே, நடுவில் மெல்லிய பிறை போல ஓர் இடைவெளி.

"இந்தப் பிறைதான் மிஸ். மூணு பிறையும் சேர்ந்து அம்பது." கொஞ்சம் யோசித்தாள். "அரை அரை அலகுக்குப் புள்ளி வச்சா பிறை சின்னதாயிடும்."

"வச்சுப் பாரேன்."

ஆறு துண்டு. அவள் கணக்குப் போட, வகுப்பே கழுத்தை நீட்டியது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டரை.

"அதையும் பாதியாக்கு" என்றது ஒரு குரல். பன்னிரண்டு துண்டு. நாலு பேர் பங்கிட்டுப் பெருக்கினார்கள். தொள்ளாயிரத்து மூன்றும் கொஞ்சமும்.

டீச்சர் கரும்பலகையில் தொள்ளாயிரத்துக்கு மேல் வந்த மிச்சத்தை மட்டும் எழுதினார். 50. 12.5. 3.125.

ஸ்கேல் மெதுவாகச் சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் கால்வாசி ஆகுது."

"இன்னும் பாதியாக்கினா?"

"இன்னும் கால்வாசி. ஆனா நேர்க்கோடு எப்பவுமே வளைவுக்கு மேலதான் இருக்கும். அதனால தொள்ளாயிரத்தைத் தொடவும் தொடாது, கீழ போகவும் போகாது. எவ்வளவு கிட்ட வேணும்னாலும் போகலாம்..." அவள் கையில் முடி சிலிர்த்திருந்தது. "மிஸ், அந்தத் தொள்ளாயிரம், அந்த ஒன்பது அலகு, முன்னாடியே அங்க இருக்கு. நாம வர்றதுக்காகக் காத்துட்டு இருக்கு."

மணி அடித்தது. சாப்பாட்டு நேரம். ஒருத்தரும் டிபன் பாக்ஸைத் தொடவில்லை. டீச்சர் கல்லூரியில் நூறு முறை செய்த தொகையீடு இது. அந்தப் பிறைகள் தேய்வதை இன்றுதான் கண்ணால் பார்க்கிறார்.

ஸ்டாப் வாட்ச் பலகை வரை நடந்து வந்தார். சாக்பீஸை எடுத்து, x³/3 என்று எழுதினார். மூன்றைப் போட்டார். இருபத்தேழு வகுத்தல் மூன்று. ஒன்பது.

"முப்பது வருஷம் முன்னாடி மனப்பாடம் பண்ணது" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இது ஒரு இடத்தோட அளவுன்னு நான் நினைச்சதே இல்ல."

டீச்சர் பக்கம் திரும்பினார். "வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்மா. நாளைக்கு இந்த ஃபார்முலா எங்கிருந்து வருதுன்னு நடத்துங்க. எத்தனை மணிக்கு?"

"முதல் பீரியட் சார்."

"நானும் வர்றேன். ஒரு தாள் எடுத்து வையுங்க."