கீழ் மூலையில் இருந்த பெயர்

"அது என்ன?" என்று அம்மா கேட்டாள்.

"சைக்கிள் கடை. வாடகைக்கும் தருவார்களாம்."

"பெயர்?"

"அந்தப் பெயர் இல்லை."

"இது?"

"தையல் நூல், ஊசி, பட்டன்."

"பெயர்?"

"இல்லை, அம்மா."

தில்குமாரிக்குப் பத்து வயது. அம்மா மன்மாயாவின் கையைப் பிடித்துக்கொண்டு திருப்பூரின் தெருக்களில் பலகை பலகையாக வாசித்துக்கொண்டு போனாள். இருவரும் நேபாளியில்தான் பேசிக்கொண்டார்கள். அம்மாவின் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் ஒரு தீப்பெட்டியும் இருந்தன. எதற்கென்று தில்குமாரிக்குத் தெரியும். அம்மா அவளிடம் எதையும் மறைக்கவில்லை. மறைத்தால் பலகையை யார் படிப்பது?

அப்பா ஹர்க்க பகதூர் ஒரு பனியன் கம்பெனியில் காவல்காரர். எல்லோரும் அவரை கூர்க்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வெட்டுத் துண்டுகளை வாங்க வந்த ஒரு வேஸ்ட் வியாபாரி, மூட்டைக்கு அடியில் நல்ல துணியை வைத்துக் கட்டியிருந்தான். அப்பா லாரியை மறித்தார். அந்த வியாபாரி, திருடியதே கூர்க்காதான் என்று கூச்சல் போட்டான். அப்பாவின் தடியை அவர் கழுத்திலேயே கயிற்றில் மாட்டித் தெருவில் அடித்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அடித்த அந்த வியாபாரியின் பெயரை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கந்தவேல். கடைசி நாளில் தண்ணீர் கேட்டாராம். அவர் கேட்ட பாஷை அங்கே யாருக்கும் புரியவில்லை. தில்குமாரி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அம்மா கஞ்சி வாங்கப் போயிருந்தாள்.

யாரிடமாவது கேட்டிருந்தால் கந்தவேலின் கடையைக் காட்டியிருப்பார்கள். ஆனால் கேட்டால், நாளைக்குக் கடை எரிந்ததும், கூர்க்கா பெண்சாதிதான் விசாரித்தாள் என்பார்கள். பலகை யாரையும் காட்டிக் கொடுக்காது. அதனால்தான் இந்த நடை.

தில்குமாரி ஊரில் இருந்தபோதே நேபாளி எழுத்து படித்தவள். இங்கே வந்து இரண்டு வருடமாகத் தமிழ்ப் பள்ளிக்கூடம். கொம்பு எழுத்துக்கு முன்னால் நின்றாலும், எழுத்துக்குப் பின்னால்தான் அதை ஒலிக்க வேண்டும் என்பது அவளுக்குச் சிரமமாக இல்லை. அவளுடைய எழுத்திலும் அப்படி ஒரு குறி உண்டு. சிரமம் வேறு இடத்தில். அங்கே நான்கு எழுத்துகள் செய்யும் வேலையை இங்கே ஒரே 'க' செய்தது. எந்த ஒலி என்று பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெயரில் 'ந்' பக்கத்தில் 'த' நிற்கும், அதை மென்மையாகச் சொல்ல வேண்டும், பிறகு இரட்டைச் சுழிக் கொம்பு போட்ட 'வே'. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு தேடினாள்.

சில பலகைகளை அவளால் வாசிக்க முடிந்தது, பொருள் தெரியவில்லை. நிட்டிங், டையிங், காஜா பட்டன். பெரும்பாலும் தமிழ் எழுத்தில் எழுதிய இங்கிலீஷ். அப்போது கதவுக்குள் எட்டிப் பார்த்து, கண்ணில் பட்டதைச் சொன்னாள். "குழாய் மாதிரித் துணி வருகிற இயந்திரம், அம்மா." "சட்டையில் ஓட்டை போடுகிறார்கள்." ஒரு சாப்பாட்டுக் கடையில் 'மிலிட்டரி ஓட்டல்' என்றிருந்தது. "பட்டாளத்துக்காரர்களின் ஓட்டல்" என்றாள். அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினாள். அங்கே கறிச்சோறு கிடைக்கும் என்பதுதான் அதன் அர்த்தம் என்று தில்குமாரி பிற்பாடு தெரிந்துகொண்டாள்.

இரண்டாம் வாரம், ஒரு சந்து முனையில் அந்தப் பெயரைப் பார்த்தாள். சிவப்பில், கொட்டை எழுத்தில். கந்தவேல் மெஸ்.

அவள் நின்றுவிட்டாள். அம்மாவும் நின்றாள்.

"அதுவா?"

"அதுதான். ஆனால் இது சாப்பாட்டுக் கடை."

"அவனுக்கு எத்தனை கடையோ! நீ அந்தக் கம்பத்துக்குப் பின்னால் போய் நில்."

அம்மாவின் கை பைக்குள் போயிற்று. தில்குமாரி பலகையை மறுபடி பார்த்தாள். உச்சியில் பொடி எழுத்தில், ஸ்ரீ முருகன் துணை. பக்கத்தில் வேலோடு சாமி. கீழ் மூலையில், புகை படிந்து மங்கிப்போன ஒரு வரி: உரிமை, ரங்காத்தாள்.

"அம்மா, நில்லுங்கள்! கடை ஒரு பெண்ணுடையது. பெரிய எழுத்தில் இருப்பது சாமியின் பெயர்."

உள்ளே ஒரு பெண் இட்லித் துணியை உதறிக்கொண்டிருந்தாள். அம்மா கையை வெளியே எடுத்தாள். இருவரும் அங்கிருந்து நடந்தார்கள். மேலே சின்ன எழுத்தில் சாமி, நடுவே பெரிய எழுத்தில் கடை, கீழ் மூலையில் மனிதன். இந்த ஊரில் பலகை இப்படித்தான் எழுதப்படுகிறது. பெரிய எழுத்தோடு நிறுத்தியிருந்தால் யாரோ ஒருத்தியின் பிழைப்பு எரிந்துபோயிருக்கும். ஆனாலும் அவளுக்குக் கோபம் குறையவில்லை. சரியான மூலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மண்ணரை என்ற பகுதியில் அந்த மூலை கிடைத்தது. தகரக் கொட்டகை. மேலே பிள்ளையார் துணை. நடுவே, பனியன் வேஸ்ட் வியாபாரம். கீழே, உரிமை, மு. கந்தவேல்.

"மனிதன்" என்றாள் தில்குமாரி. "இந்தத் தடவை மனிதன், அம்மா."

அம்மா கொட்டகையைப் பார்த்தாள். வாசல் வரை துணிக்குவியல். வெள்ளை ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம். ஒரு தீக்குச்சி போதும். குவியல்களுக்கு நடுவே நாலைந்து பெண்கள் உட்கார்ந்து துண்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சிவப்பு எழுத்து?"

"பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது என்று."

அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து தில்குமாரி பார்த்தது அன்றுதான். அது நல்ல சிரிப்பாக இல்லை.

வெயிலில் நிற்கும் இருவரையும் பார்த்துவிட்டு, பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். கையில் ஒரு சொம்பு.

"ஏனுங்க, இந்த வேகாத வெயில்ல நிக்கறீங்க? இந்தாங்க, தண்ணி குடிங்க. வேலைக்கு வந்தீங்களா?"

கேட்காமல் வந்த தண்ணீர். அம்மா சொம்பை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடித்தாள்.

"அடியே கருத்தம்மா, யாரடி அது?" என்று உள்ளிருந்து ஒருத்தி கூவினாள்.

"நம்ம சனந்தான்! நீ கையப் பாத்துப் பிரி, கலர்ல வெள்ளையப் போட்டுப் போடாதே!" கருத்தம்மா மூக்கை உறிஞ்சினாள். "சீமெண்ணெய் வாசம் அடிக்குதே! ரேசன்ல ஊத்தறாங்களா கண்ணு? எங்களுக்கு மூணு வாரமா இல்லைன்னு தொரத்தறான்."

தில்குமாரி அம்மாவின் பையைப் பார்த்தாள்.

"இந்தப் பெண்கள் எப்போது வீட்டுக்குப் போவார்கள், கேள்" என்றாள் அம்மா.

தில்குமாரி கேட்டாள்.

"ஆறு மணிக்குப் போயிருவாங்க. நான் எங்க போறது? எங்க ஊடே இதுக்குள்ளதான். பின்னால ஒரு மறைப்பு கட்டிக் குடுத்திருக்காங்க. காவலும் நாங்கதான். அதோ, எம்பட புள்ள தூங்குது பாரு."

பனியன் துண்டுகளைக் கோத்துக் கட்டிய தூளி ஒன்று கூரையிலிருந்து தொங்கியது.

"என்ன சொல்கிறாள்?"

தில்குமாரியின் வாயில் பாதி வாக்கியம் தயாராக இருந்தது. ஆறு மணிக்குப் போய்விடுவார்கள். அதோடு நிறுத்தலாம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆறு மணிக்கு மேல் இந்தத் தகரம் சிவந்து உருகும். அப்பாவின் கழுத்தில் தடியை மாட்டியவன் தலையில் அடித்துக்கொண்டு தெருவில் நிற்பான். அதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அம்மா காத்திருந்தாள். இந்த ஊரில் அவளுக்கு வேறு காது இல்லை. சொம்பு இன்னும் அவள் கையில் இருந்தது.

"மற்றவர்கள் ஆறு மணிக்குப் போவார்கள்" என்றாள் தில்குமாரி. பிறகு, பிடிக்காத மருந்தை விழுங்குவது போல மீதியையும் சொன்னாள். "இவள் போக மாட்டாள். இவள் வீடு உள்ளேதான். அந்தத் தூளியில் இருப்பது இவள் குழந்தை."

அம்மா தூளியைப் பார்த்தாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்துக் கருத்தம்மாவின் கையில் வைத்தாள்.

"ஐயோ, எனக்கெதுக்குங்க? நீங்க வெச்சுக்கங்க!"

"வாங்கிக்கோங்க. எங்களுக்கு வேண்டாம்" என்ற தில்குமாரிக்கு அழுகை வந்தது. இரக்கத்தால் அல்ல, ஏமாற்றத்தால்.

அப்போதுதான் மொபெட்டில் ஒருவன் வந்து இறங்கினான். கருத்தம்மா தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "மொதலாளி, வேலை கேட்டு வந்திருக்காங்க போல."

"அவன்தானா?" என்றாள் அம்மா.

"அவன்தான்."

"நான் சொல்வதை அப்படியே சொல். ஒன்றும் விடாதே."

அம்மா பேசினாள். தில்குமாரி ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள்.

"எங்கப்பா பேரு ஹர்க்க பகதூருங்க. உங்க மூட்டைக்கு அடியில நல்ல துணி இருந்துச்சு. அதச் சொன்னதுக்கு அவர் தடியவே அவர் கழுத்துல மாட்டி அடிச்சீங்க. அவர் செத்துட்டாரு. இந்தக் கொட்டாயக் கொளுத்தத்தான் அம்மா சீமெண்ணெய் கொண்டுவந்தாங்க."

பிரிக்கும் கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

"யாரு புள்ள நீ? என்ன ஒளர்றே?" என்றான் கந்தவேல். அவன் குரல் பாதியில் தேய்ந்தது.

"அன்னிக்கு மூட்டையில நல்ல துணி இருந்துச்சுங்க" என்றாள் கருத்தம்மா, தரையைப் பார்த்தபடி. "நாந்தானுங்க பிரிச்சேன்."

"இந்த அம்மா தண்ணி குடுத்தாங்க. அதனால நாங்க போறோம்" என்று தில்குமாரி முடித்தாள்.

அம்மா இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள். மெதுவாக, அவன் கண்ணைப் பார்த்து. தில்குமாரி வாயைத் திறக்கவில்லை.

"கடைசியில என்னமோ சொன்னாங்களே, என்னது?" என்றான் கந்தவேல்.

"ஒண்ணுமில்லீங்க."

"இல்ல கண்ணு, சொன்னாங்க. சாபமா?" அவன் முகம் வெளுத்தது. "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது சாமி. என்னன்னு சொல்லிட்டுப் போ!"

தில்குமாரி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது அவளுக்கு இனித்தது.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா கேட்டாள். "அவன் என்ன கேட்டான்?"

"நீங்கள் கடைசியில் என்ன சொன்னீர்கள் என்று."

"சொன்னாயா?"

"இல்லை."

"பயப்படுகிறானா?"

"ரொம்ப."

அம்மா யோசித்தாள். "பாலம் வரைக்கும் பயப்படட்டும்" என்றாள்.

இருவரும் மெதுவாக நடந்தார்கள். நொய்யல் பாலம் வந்தது. கீழே சாயத் தண்ணீர் ஊதாவாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"போ. சொல்லிவிட்டு வா."

"நான் மாட்டேன். அப்பாவை அடித்தவன்."

"அது என் வார்த்தை, நானி, மகளே. கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் உன்னிடம் கொடுத்தேன். வைத்துக்கொள்வதற்கு இல்லை."

கடவுள் சில வேலைகளுக்குப் பெரியவர்களைத் தேடுவதில்லை. தில்குமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

கந்தவேல் கொட்டகை வாசலில், மொபெட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழ முயன்றான்.

"உங்க புள்ளைங்க நல்லா இருக்கட்டும்" என்றாள் அவள். "அதுதான் கடைசியா சொன்னாங்க."

அவன் நம்பாமல் அவளையே பார்த்தான். "நெசமாவா கண்ணு?"

"அம்மா சொன்னாங்க" என்றாள் தில்குமாரி. "நான் சொல்லலீங்க."