ஒரு படத்துக்கு ஒரு திருத்தம்

ஆம்பூர் ஸ்டூடியோக்களுக்கு வீட்டிலிருந்தே படம் திருத்தித் தருபவள் ஃபிர்தௌஸ். புதிதாக யார் வந்தாலும் முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு அனுப்பிவிடுவாள்: ‘ஒரு திருத்தம் என்றால் ஒரு ஆள், ஒரு குறை, ஒரு படம். ஒரு திருத்தம் நூறு ரூபாய். அதே குறை வேறு படத்தில் இருந்தால் அது தனித் திருத்தம்.’

அம்பிகா அதைப் படித்தாள். ஆனால் ஷூ கம்பெனி கட்டிங் பிரிவில் வேலை செய்பவளுக்கு அது வேறு மாதிரி புரிந்தது. அங்கே டை என்கிற இரும்பு வெட்டச்சை ஒருமுறை செய்துவிட்டால் எத்தனை தோலை வைத்தாலும் ஒரே அச்சில் வெட்டிக்கொண்டே இருக்கும். தன் கழுத்தில், காதுக்குக் கீழே இருக்கும் வெண்புள்ளியும் அப்படித்தான், ஒருமுறை எடுத்தால் எல்லாப் படத்திலும் போய்விடும் என்று நினைத்தாள். இரண்டு படங்களை அனுப்பி, நூறு ரூபாய் போட்டாள்.

“எந்தப் படத்துல எடுக்கணும்மா?”

“முதல்ல இருக்கறதுல எடுங்கக்கா.”

திரும்பி வந்ததில் முதல் படத்தை மட்டும் திறந்து பார்த்தாள். சுத்தமாக இருந்தது. இரண்டையும் கல்யாணத் தரகர் சாமிநாதனுக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அவளுடைய அம்மா முத்துமாரி, பக்கவாட்டில் எடுத்த இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். “இன்னாடி இது, கழுத்துல அப்படியே இருக்குது!”

அம்பிகா உடனே போனில் ஃபிர்தௌஸைக் கூப்பிட்டாள்.

“பக்கத்துத் தோலை எடுத்துதாம்மா புள்ளி மேல வைப்பேன். வெளிச்சம் மாறினா தோலோட நிறமும் மாறும். இந்தப் படத்துத் தோலு அந்தப் படத்துல ஒட்டாது. ஒவ்வொண்ணும் புதுசாத்தான் செய்யணும்.”

“இப்போ செஞ்சு குடுங்கக்கா, காசு போடறேன்.”

“செய்றேன். ஆனா தரகர் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிட்டாருன்னா?”

“அனுப்பிட்டாரு. நேத்தே.”

ஃபிர்தௌஸ் இரண்டு படங்களையும் திறந்து பார்த்தாள். “அப்ப பேஜார்தான். ரெண்டையும் பக்கத்துல வெச்சா, புள்ளியை விட அதை எடுத்ததுதான் பளிச்சுனு தெரியும்.”

அம்பிகா வைத்ததுமே போன் மறுபடி அடித்தது. சாமிநாதன்.

“எடுக்காதடி,” என்றாள் முத்துமாரி. “நாளைக்குப் பேசிக்கலாம்.”

அது நிற்கவில்லை. அம்பிகா எடுத்தாள். முத்துமாரியும் பக்கத்தில் வந்து காது கொடுத்தாள்.

“அம்பிகா, மாப்பிள்ளை வீட்லதான் இருக்கறேன்மா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கு. அவங்கம்மா ஒண்ணு கேக்கறாங்க. ஒரு போட்டோல கழுத்துல வெள்ளையா இருக்குது, இன்னொண்ணுல இல்லையே. எது நிஜம்?”

பின்னால் டீவி ஓடியது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள். லைட்டு விழுந்து அப்படித் தெரியுது என்று சொல்லச் சொல்லி முத்துமாரி கையால் ஜாடை காட்டினாள். சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்கு அப்புறம் பவுடர் கலைகிற முதல் காலையை அம்பிகா நினைத்துப் பார்த்தாள்.

“வெள்ளை இருக்கறதுதாங்க நிஜம்,” என்றாள். “மூணு வருஷமா இருக்குது.”

மறுமுனையில் யாரும் போனை வைக்கவில்லை. யாரோ மூச்சு விடுவது கேட்டது. பதில் வரும்வரை வைக்கப் போவதில்லை என்பதுபோல், அம்பிகா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.