பைலட் குழுவில் முப்பது பேர்

ஒரு நிறுவனத்தின் நாகரிகத்தை அதன் வருகைப்பதிவை வைத்தே எடைபோட வேண்டும். ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவின் முன் இந்த வாக்கியத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். கண்ணைத் திறந்தபோது இரண்டு பேர் போனில் இருந்தார்கள். மூன்றாமவர் டீயில் விழுந்த பிஸ்கட்டை ஸ்பூனால் தேடிக்கொண்டிருந்தார். திட்டம் ஏகமனதாக நிறைவேறியது.

திட்டம் என்னுடையது, நான் பணியாளர் பிரிவு மேலாளர். கையெழுத்து நோட்டுக்குப் பதிலாக விரல்ரேகை மெஷின். ஒரே நாளில் நானூறு பேரையும் இறக்கிவிடாமல் கட்டம் கட்டமாகப் போவோம் என்றேன். முதலில் சோதனைக்காக முப்பது பேர் கொண்ட பைலட் குழு: எங்கள் ஆபீஸில் என்னையும் சேர்த்து இருபது பேர், சலவைப் பிரிவில் பத்துப் பேர். இரண்டு வாரம். தேறினால் வார்டு, பிறகு சமையலறை, கடைசியில் டாக்டர்கள். டாக்டர்களைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் பயம். அறிக்கையில் அதற்கு 'படிப்படியான அணுகுமுறை' என்று பெயர்.

கருத்துக் கேட்பதற்கும் வழி செய்திருந்தேன். விரலை மெஷின் ஏற்றுக்கொண்டதும் திரையில் மூன்று முகங்கள் வரும்: சிரிப்பது, சும்மா இருப்பது, அழுவது. பிடித்ததைத் தொட வேண்டியதுதான்.

இரண்டு வார முடிவில் தொண்ணூற்றெட்டு சதவீதம் சிரித்த முகம். மீதி இரண்டு சதவீதம் கை தவறிப் பட்டிருக்கும் என்று நானே அடிக்குறிப்பு போட்டேன். சலவைப் பிரிவில் மட்டும் ஆப்சென்ட் எகிறியிருந்தது. அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன்: "நோட்டு இத்தனை நாள் மறைத்த உண்மையை மெஷின் அம்பலப்படுத்துகிறது." இந்த வரிக்காக ஒரு மத்தியானம் முழுவதும் செலவழித்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம். அடுத்த கட்டத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். தற்காலிகப் பணியாளர்களில் யார் யாரை நிரந்தரமாக்குவது என்ற பட்டியலிலும் அன்றே கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நாளுக்கு மேல் ஆப்சென்ட் என்றால் பெயர் இருக்காது. காலையிலேயே சலவை மேஸ்திரி ஒரு பெண்மணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆறு வருஷமாகத் தற்காலிகத்தில் இருப்பவர்.

"சார், அக்காவுக்குப் பதினோரு நாள் ஆப்சென்ட்னு போட்டிருக்கு. பன்னெண்டு நாளும் என் கண்ணு முன்னாடிதான் பெட்ஷீட் பிழிஞ்சாங்க."

"மெஷின் பொய் சொல்லாதுங்க" என்றேன், அதைப் பெற்று வளர்த்தவனைப் போல.

"நோட்டு சொல்லுமே" என்று கக்கத்திலிருந்து பழைய நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். பன்னிரண்டு நாளும் கையெழுத்து இருந்தது.

"இரட்டை வேலை வேண்டாம், நோட்டை நிறுத்துங்கன்னு முதல் நாளே சர்க்குலர் அனுப்பினேனே!"

"வந்துச்சு சார். புது மெஷினை எப்படி உடனே நம்புறதுன்னு நான்தான் நிறுத்தல."

நான் அக்காவிடம் திரும்பினேன். "கஷ்டமா இருந்தா அழுற முகத்தைத் தொட்டிருக்கலாமேம்மா?"

"மெஷின் விரலை எடுத்தாத்தானே சார் அந்த மூஞ்சி வருது? எனக்குத்தான் முதல் நாளோட சரி, அப்புறம் எடுக்கவே மாட்டேங்குதே. நான் யார்கிட்டப் போய் அழ?"

கையை நீட்டிக் காட்டினார். பதிவு செய்த அன்று மூன்று நாள் லீவு முடிந்து வந்திருக்கிறார். தோல் நன்றாக இருந்திருக்கிறது. பிறகு சலவைச் சோடாவிலும் வெந்நீரிலும் ஊறி ரேகையெல்லாம் உரிந்துவிட்டது. யார் விரல் என்றே தெரியாததால், தோற்றுப்போன முயற்சிகளை மெஷின் யார் கணக்கிலும் எழுதவில்லை. திருப்தியானவர்களிடம் மட்டும் திருப்தியா என்று கேட்கும் ஏற்பாட்டை நான் கண்டுபிடித்திருந்தேன்.

"என் பேரு போயிடுமா சார்?"

"போகாதும்மா" என்றேன். அறிக்கையிலிருந்து என் 'அம்பலப்படுத்துகிறது' வரியைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கூட்டத்தில் அனுமதி கேட்கவில்லை. பைலட்டை இன்னும் இரண்டு வாரம் நீட்டினோம். விரல் எடுக்காதவர்களுக்கு அட்டை. மெஷினும் நோட்டும் ஒன்றுபோலச் சொல்லும் வரை நோட்டும் ஓடும். கருத்தைத் திரை கேட்காது. ஆள் நேரில் போய்க் கேட்கும்.

"அந்த ஆள் யாரு?" என்றார், நோட்டோடு கூட்டத்துக்கு வந்திருந்த மேஸ்திரி.

"நான்தான்."

"அப்ப பூட்ஸ் போட்டுட்டு வாங்க சார், தண்ணி நிக்கும்."

அக்காவின் பெயரைச் சேர்ப்பதற்காக, முப்பது பேரின் நாட்களையும் யார் யார் உள்ளே வந்தார்கள் என்று கதவருகே செக்யூரிட்டி எழுதி வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிடச் சொன்னார் தலைவர். எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் பெண் அங்கேயே உட்கார்ந்து ஒப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்தும் மெஷினில் ஆப்சென்ட் ஆனவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் சலவைப் பிரிவு.

ஐந்தாவது நான். பன்னிரண்டு நாளில் ஒருநாள்கூட நான் அந்த மெஷினில் விரல் வைக்கவில்லை.