அலெக்சாண்டரின் ரேட்டு

சம்பளம் எந்தக் காசில், என்ன ரேட்டில் என்று கேட்க ஒரு மனுசன் சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி ஈப்போவுக்கு பஸ் ஏறி வர வேண்டுமா? நான் வந்தேன். போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். எப்போது போட்டாலும் "முதலாளி வெளிய போயிருக்காரு" என்றார்கள். வெளியே அப்படி என்னதான் வைத்திருக்கிறாரோ தெரியவில்லை.

எனக்குச் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை. கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி, சுத்தியலால் துருத் தட்ட வேண்டும். எட்டு வருசம் தட்டியதில் என் காது பாதி போய்விட்டது. ஆளை எடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் காண்டிராக்டர் அலெக்சாண்டர். பேசிய சம்பளம் சிங்கப்பூர் காசில் மாதம் அறுநூறு வெள்ளி. பாதியை அங்கே என் கையில் கொடுப்பார். மறுபாதியை இவருடைய ஈப்போ ஆபீசில் என் பெண்டாட்டி மங்களம் மாதாமாதம் வாங்கிக்கொள்வாள்.

ரெண்டு மாதமாக அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவளும் பிள்ளையும் இருக்கிற எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள், லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் சிமோரில் ஒரு மலிவு வீட்டுக்குப் பேர் கொடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் எழுநூறு ரிங்கிட் கட்டாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்றைக்குப் புதன்கிழமை.

சம்பள நாள் என்பதால் ஆபீஸ் வாசல் பெஞ்சில் புருசன் காசு வாங்க எங்கள் லயத்துப் பெண்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்களுக்கும் ரெண்டு மாதப் பாக்கி. என்னோடு தொட்டியில் இறங்கும் சீனியின் பெண்டாட்டி இருளாயியும் அவர்களில் ஒருத்தி. அவர்களுக்கும் உள்ளே அலெக்சாண்டரின் மேசைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். நானும் மங்களமும் உள்ளே போனோம்.

"முதலாளி, என் சம்பளம் எந்தக் காசு?"

"ஏன் கத்துற? சிங்கப்பூர் காசுதான்லா. இங்க வீட்டுக்குக் குடுக்குறது மட்டும் இந்த ஊரு ரிங்கிட்."

"என்ன ரேட்டுல மாத்துறீங்க?"

"நீ சேர்ந்தப்ப போட்ட ரேட்டு. ஒண்ணுக்கு ஒண்ணு."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நான் சேர்ந்தபோது ரெண்டு காசும் ஏறக்குறைய ஒன்றுதான். இப்போது பேங்கில் நூறு சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தால் நூற்றி முப்பது ரிங்கிட் தருகிறான். முந்நூறுக்கு மாதம் தொண்ணூறு இவர் பைக்குள் போயிருக்கிறது. நான் தொட்டிக்குள் கிடந்து தட்ட, ரேட்டு ஏறியது இவருக்கு.

"சரி, ரெண்டு மாசமா அந்த முந்நூறும் வரலியே?"

"பட்டறைக்காரன் பில்லுக் காசு குடுக்கல."

"குடுத்துட்டான். உங்க சூப்பர்வைசரே சொன்னாரு."

அலெக்சாண்டர் பேனாவை மூடினார், திறந்தார். லூமுட்டில் புதிதாக ஒரு வேலை எடுத்திருக்கிறாராம், அங்கே ஆள்கூலிக்கு அந்தக் காசைத் திருப்பிவிட்டாராம். சொல்லும்போது கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. பிறகு முன்னால் சாய்ந்து, வாயை மட்டும் அசைத்து என்னவோ சொன்னார்.

"என்னங்க?"

மறுபடியும் அசைத்தார்.

"கேக்கல முதலாளி. தொட்டியில வேல பாக்குறவன்கிட்ட இப்படிப் பேசுனா?"

மனுசனுக்கும் பொறுமை போய்விட்டது. "ஒனக்கு மட்டும் இப்பவே ரெண்டு மாசத்துக்கும் பேங்க் ரேட்டுல தாரேன், வெளிய மூச்சு விடாதேங்கிறேன்!"

இது எனக்கே நன்றாகக் கேட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்காமல் இருக்குமா? பெஞ்சு நகர்ந்தது. இருளாயி முதலில் வந்தாள், பின்னாலேயே மற்ற நாலு பேரும்.

"எங்க வீட்டுக்காரரு மட்டும் ஓசிக்கா தட்டுறாரு?" என்றாள் இருளாயி.

அலெக்சாண்டர் இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். எண்ணூறு ரிங்கிட்டுக்கு மேல் இல்லை. இனி எல்லாருக்கும் பேங்க் ரேட்டுதான், பாக்கி அடுத்த புதன்கிழமை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "மொதல்ல கேட்டது நீ. எடுத்துக்கிறியா?"

எனக்குச் சேர வேண்டியது எழுநூற்று எண்பது. எடுத்திருந்தால் அன்றைக்கே சிமோர் போய்க் கட்டியிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், கையை நீட்டிவிட்டேன். மங்களம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"ஆறு பங்கா வைங்க" என்றாள்.

ஆளுக்கு நூற்றி முப்பது சொச்சம் கிடைத்தது. பஸ் நிலையம் வரை அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். அங்கே போனதும் தாங்கவில்லை.

"வீடு போச்சு. ஒனக்குப் புத்தி இருக்கா?"

அவள் என்னவோ மெதுவாகச் சொன்னாள். "கேக்கல" என்றேன். என் காதருகே வந்து, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"நீங்க நாளைக்கு சிங்கப்பூர் போயிருவீங்க. இந்த எட்டு வருசமும் புள்ளைக்குக் காய்ச்சல்னா நான் யார் வீட்டுக் கதவத் தட்டுனேன்னு நெனைக்கிறீங்க? அந்த அஞ்சு பேரு கதவத்தான்."

கேட்டது. ஆனாலும் இன்னொரு தரம் "கேக்கல" என்றேன்.